ஒரு தறிக்கு நான்கு விலை

(ஜலகண்டாபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு கணக்கியலின் கருத்துக் கட்டமைப்பு. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இந்தப் பாடத்தைப் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள். அடிப்படைப் பண்புகள் இரண்டு, அவற்றை மேம்படுத்தும் பண்புகள் நான்கு, அளவீட்டு அடிப்படைகள் நான்கு என்று ஒப்பித்துவிடுவார்கள். அதற்குக் கீழே ஒரு சிறு வியாபார நிகழ்வைக் கொடுத்து, ‘இந்தச் சொத்தை எந்த அடிப்படையில் அளப்பாய், ஏன்?’ என்று கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. ஆகவே நான் பட்டியலை விட்டுவிட்டு, இந்த ஊரின் எந்தத் தெருவில் நடந்தாலும் காதில் விழுகிற தறியிலிருந்து தொடங்குகிறேன். நான் சொல்லப்போகும் தொகைகள் எல்லாம் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. இன்றைய சந்தை விலை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒருவர் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாடா தறி வாங்கினார். தறியின் விலை, வண்டி வாடகை, மேஸ்திரியை வைத்து நிறுத்திய கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் ஆயிற்று. பத்து வருஷம் ஓடும் என்று கணித்து, வருஷத்துக்குப் பத்தாயிரம் தேய்மானம் எழுதி வந்தார். இன்று ஏட்டில் நிற்பது 40,000 ரூபாய். தறியைக் கூலி நெசவுக்கு ஓட்டுகிறார். பாவும் ஊடை நூலும் கொடுப்பவர் வேறு. இவருக்கு வருவது கூலி மட்டும். இந்தத் தறியின் மதிப்பு என்ன?

அவருடைய கணக்கர், ‘ஏட்டில் இருக்கிற 40,000’ என்பார். இது முதல் அடிப்படை, வரலாற்றுச் செலவு. அன்றைக்கு உண்மையாகவே கைமாறிய பணத்திலிருந்து, தேய்ந்த பங்கைக் கழித்தது. இதற்கு ரசீது இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டலாம்.

இரண்டாவது, தறி வாங்கி விற்கும் தரகரிடம் கேட்கிறோம். இதே வயதுத் தறி, இதே நிலையில், அவசரமில்லாத இருவருக்கிடையில் 30,000 ரூபாய்க்குக் கைமாறுகிறது என்கிறார். இதுதான் நியாய மதிப்பு. விற்றால் கையில் என்ன வரும் என்று விற்பவர் பக்கம் நின்று பார்க்கிற விலை இது. இவருக்கு இந்தத் தறிமேல் எவ்வளவு பற்று, இவர் கடன் கட்ட வேண்டியிருக்கிறதா என்பதெல்லாம் இதில் சேராது. சந்தையில் நிற்கும் எந்த ஒரு வாங்குபவரும் விற்பவரும் என்ன நினைப்பார்களோ அதுதான் இங்கே கணக்கு. விற்கும்போது ஆகும் தரகு இந்த 30,000த்திலிருந்து கழிக்கப்படுவதில்லை. இதைப் பிள்ளைகள் பலரும் தவறவிடுகிறார்கள்.

மூன்றாவது கேள்வி வேறு. இந்தத் தறி இன்றைக்கு இவரிடம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இதே போன்ற, இதே அளவு ஓடிய ஒரு தறியை இன்று கொண்டுவந்து நிறுத்த என்ன ஆகும்? தறிக்கு 30,000, வண்டிக்கும் மேஸ்திரிக்கும் 6,000, ஆக 36,000. இது நடப்புச் செலவு. வாங்குபவர் பக்கம் நின்று பார்ப்பதால் வண்டி வாடகையும் நிறுத்துக் கூலியும் இதில் சேருகின்றன. ஒரே சந்தை, ஒரே நாள், ஒரே தறி. ஆனாலும் வாசலுக்கு உள்ளே நின்று பார்ப்பதற்கும் வெளியே நின்று பார்ப்பதற்கும் ஆறாயிரம் வித்தியாசம் வந்துவிட்டது.

நான்காவது, பயன்பாட்டு மதிப்பு. இந்தத் தறி இன்னும் நான்கு வருஷம் ஓடும். மின்கட்டணம், நெய்பவர் கூலி, உதிரி பாகம் எல்லாம் போக வருஷத்துக்கு 18,000 ரூபாய் மிஞ்சும். நான்காம் வருஷக் கடைசியில் இரும்பு விலைக்குப் போட்டால், செலவு போக 8,000 வரும். வரப்போகும் பணம் இன்றைய பணத்துக்குச் சமமில்லை. ஆகவே நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி வைத்துத் தள்ளிக் கணக்கிடுகிறோம். நான்கு வருஷ வரவின் இன்றைய மதிப்பு சுமார் 54,670. இரும்பு விலையின் இன்றைய மதிப்பு சுமார் 5,080. இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 59,750 ரூபாய். இந்தக் கணக்கில் வருவது இவருடைய எதிர்பார்ப்பு, இவருடைய ஓட்டம், இவருக்கு வேலை கொடுக்கிறவரோடு இவருக்கு இருக்கும் உறவு. சந்தையின் பொதுவான கணிப்புக்கு இதில் இடமில்லை. நடைமுறையில் ஒரு தனித் தறிக்கு வரவைப் பிரித்தெடுப்பது கடினம். பாவு ஓட்டுவதும் மின் இணைப்பும் கட்டடமும் எல்லாத் தறிகளுக்கும் பொது என்பதால், முழுக் கொட்டகையையும் ஒரே அலகாக வைத்துத்தான் பார்ப்பார்கள். விளக்கத்துக்காகவே நான் ஒரு தறியை எடுத்துக்கொண்டேன்.

ஆக 40,000, 30,000, 36,000, 59,750. நான்கும் சரியான கணக்கு. பொய் எதிலும் இல்லை. ஏடு எழுதுகிறவர் எதை எழுதுவது?

இங்கேதான் கருத்துக் கட்டமைப்பு வேலைக்கு வருகிறது. சர்வதேசக் கணக்கியல் தரநிலைகளை வகுப்போர் 1989இல் முதல் வடிவத்தை வெளியிட்டார்கள். 2010இல் ஒரு பகுதியைத் திருத்தினார்கள். இப்போது நாம் படிக்கும் முழு வடிவம் 2018 மார்ச்சில் வந்தது. நம் நாட்டுப் பட்டயக் கணக்காளர் கழகம் பழைய வடிவத்தை ஒட்டி 2000இல் ஒன்றையும், இண்ட் ஏ.எஸ். தரநிலைகளுக்காகப் புதிய வடிவத்தை ஒட்டி 2020இல் ஒன்றையும் வெளியிட்டது. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு வடிவத்தில் அளவீட்டு அடிப்படைகள் வரலாற்றுச் செலவு, நடப்புச் செலவு, விற்றுப் பெறக்கூடிய மதிப்பு, தற்கால மதிப்பு என்று இருக்கும். நியாய மதிப்பு என்ற பெயர் அந்த நான்கில் இல்லை. எந்தப் பாடத்திட்டத்துக்கு எழுதுகிறோம் என்று பார்க்காமல் இரண்டு பட்டியலையும் கலந்து எழுதுவதால் மதிப்பெண் போகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டமைப்பு ஒரு தரநிலை இல்லை. தரநிலை ஒன்று சொல்லி, கட்டமைப்பு வேறொன்று சொன்னால் தரநிலைதான் நிற்கும். தரநிலை பேசாத இடத்தில் கொள்கை வகுக்கவும், பேசிய இடத்தில் அது ஏன் அப்படிப் பேசுகிறது என்று புரிந்துகொள்ளவும் கட்டமைப்பு துணை செய்கிறது.

அது சொல்லும் அடிப்படைப் பண்புகள் இரண்டே. ஒன்று, படிப்பவரின் முடிவுக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். கடன் கொடுப்பதா, முதல் போடுவதா, விற்றுவிடுவதா என்று தீர்மானிக்கிறவருக்கு அந்த எண் ஏதாவது வித்தியாசத்தை உண்டாக்க வேண்டும். மற்றொன்று, உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும். அதாவது முழுமையாக, ஒரு பக்கம் சாயாமல், பிழையில்லாமல். இங்கே பிழையில்லாமை என்றால் எண் துல்லியமாக இருப்பது மட்டுமே என்று நினைக்க வேண்டாம். மதிப்பீடு என்றால் மதிப்பீடு என்று சொல்லி, எப்படிப் போட்டோம் என்று விளக்கி, அந்த வழிமுறையைச் சரியாகப் பின்பற்றியிருந்தால் அது பிழையற்றதுதான்.

இப்போது தறிக்குத் திரும்புவோம். இவர் தறியை விற்க நினைக்கவில்லை. ஓட்டிச் சம்பாதிக்கத்தான் வைத்திருக்கிறார். ஒரு சொத்து எந்த வழியில் பணம் கொண்டுவருகிறது என்பதுதான் அளவீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி. மற்ற சொத்துகளோடு சேர்ந்து உழைத்துப் பணம் கொண்டுவரும் பொருளுக்கு, இன்று விற்றால் என்ன வரும் என்ற 30,000 அதிகம் பொருந்தாது. அப்படியானால் 59,750ஐ எழுதலாமே? அதில் நான்கு வருஷ வரவு, வட்டி விகிதம், இரும்பு விலை என்று எல்லாமே கணிப்பு. ஒவ்வொரு தறி உரிமையாளரும் தனக்குப் பிடித்த கணிப்பைப் போட்டு மதிப்பை ஏற்றிக்கொண்டால், படிக்கிறவருக்கு அந்த எண்மேல் நம்பிக்கை போய்விடும். ஆகவே 40,000 நிற்கிறது. ஒவ்வொரு வருஷமும் கூலி வரவுக்கு எதிரே 10,000 தேய்மானத்தை வைத்துப் பார்த்தால், தறி எவ்வளவு லாபம் தந்தது என்பதும் தெரிகிறது.

ஆனால் வரலாற்றுச் செலவுக்கு ஒரு குறை உண்டு. அதை மறைத்துப் பேசக் கூடாது. இவருடைய தம்பி நான்கு வருஷம் கழித்து, விலை ஏறிய பிறகு, ஏற்கெனவே நான்கு வருஷம் ஓடிய இதே மாதிரித் தறியை 75,000க்கு வாங்கினார். அவருக்கும் மீதி ஆயுள் இன்றிலிருந்து நான்கு வருஷம்தான். வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. ஆறு வருஷத்தில் இரண்டு வருஷப் பங்கு கழித்தால் ஏட்டில் 50,000. அண்ணன் கொட்டகையில் 40,000, தம்பி கொட்டகையில் 50,000. தறி ஒன்றுதான், ஓட்டம் ஒன்றுதான், வரவும் ஒன்றுதான். ஏட்டைப் படிக்கும் வங்கி மேலாளர் தம்பியிடம் கூடுதல் சொத்து இருப்பதாக நினைக்கலாம். ஒப்பிடும் தன்மை இங்கே அடிபடுகிறது. ஒரே மாதிரியான பொருள்கள் வேறாகத் தெரிகின்றன. ஒப்பிடும் தன்மை மேம்படுத்தும் பண்புகளில் ஒன்று. சரிபார்க்கும் தன்மை, காலத்தே கிடைப்பது, புரியும் தன்மை என்பவை மற்ற மூன்று. ஒப்பிட முடியவில்லை என்பதற்காகச் சரிபார்க்கக்கூடிய எண்ணை விட்டுவிடுவதா என்றால், இந்த இடத்தில் வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. இரண்டு கொட்டகையும் தறியை வாங்கிய வருஷத்தையும் மீதி ஆயுளையும் குறிப்பில் எழுதிவிட்டால், படிப்பவர் தாமே ஒப்பிட்டுக்கொள்வார்.

இதே அண்ணனுக்கு இப்போது கெட்ட காலம் வருகிறது என்று வையுங்கள். வேலை கொடுத்து வந்தவர் நாடா இல்லாத தறிக்கு மாறிவிட்டார். கூலி குறைந்தது, ஓட்டமும் குறைந்தது. வருஷத்துக்கு 7,000தான் மிஞ்சும். பயன்பாட்டு மதிப்பை மறுபடி போட்டால் நான்கு வருஷ வரவு சுமார் 21,260, இரும்பு 5,080, ஆக 26,340. விற்றால் 30,000 வரும், தரகும் இறக்கு கூலியும் 2,000 போக 28,000. ஓட்டுவதா விற்பதா என்று புத்தியுள்ள உரிமையாளர் எதைத் தேர்ந்தெடுப்பாரோ, கணக்கும் அதையே எடுத்துக்கொள்கிறது. இரண்டில் பெரியது 28,000. ஏட்டில் இருப்பதோ 40,000. ஆகவே 12,000 ரூபாயை இந்த வருஷமே நஷ்டமாக எழுத வேண்டும். இண்ட் ஏ.எஸ். 36 சொல்வது இதைத்தான், பழைய ஏ.எஸ். 28 சொல்வதும் ஏறத்தாழ இதுவே. சிறு நிறுவனங்களுக்கு அதில் சலுகைகள் உண்டு. இங்கே நடந்ததைக் கவனியுங்கள். சற்று முன் நாம் ஒதுக்கி வைத்த இரண்டு அடிப்படைகளும், 40,000 என்ற எண்ணுக்குக் காவலாகத் திரும்பி வந்துவிட்டன. போட்ட காசைத் திரும்ப எடுக்க முடியும் என்ற நம்பிக்கை இருக்கும்வரைதான் வரலாற்றுச் செலவு உள்ளதை உள்ளபடி காட்டும்.

இந்த மாதிரிச் சரிவு வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு மாதமும் இந்த வட்டிக் கணக்கைப் போட வேண்டியதில்லை. கொட்டகைக்குள் போய்ப் பார்த்தால் போதும். பாவு தீர்ந்து அடுத்த பாவு வராமல் வாரக்கணக்கில் நிற்கும் தறி எத்தனை, மின்கட்டண ரசீதில் யூனிட் குறைந்திருக்கிறதா, பக்கத்துக் கொட்டகையில் தறியை இரும்புக்குப் போட்டார்களா என்பவைதான் அறிகுறிகள். அவை தெரிந்த வருஷத்தில் கணக்கைப் போட வேண்டும்.

அடுத்து நூல். தறியைவிட நூலில்தான் அதிகம் தகராறு வருகிறது என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

சொந்தமாக நூல் வாங்கி, துணி நெய்து விற்கும் ஒருவர் பிப்ரவரியில் ஆயிரம் கிலோ நூல் கிலோ 280 ரூபாய்க்கு வாங்கினார். மார்ச் 31 அன்று அதே நூல் 250க்கு இறங்கிவிட்டது. நூல் அப்படியே கிடங்கில் இருக்கிறது. கிலோவுக்கு முப்பது வீதம் முப்பதாயிரம் நஷ்டம் எழுத வேண்டுமா?

உடனே ‘அடக்க விலை, சந்தை விலை, இரண்டில் குறைந்தது’ என்று பதில் வரும். இந்தப் பதில் பாதிதான் சரி. நூலை நூலாக விற்க அவர் வைத்திருக்கவில்லை. துணியாகத்தான் அது பணமாகும். நெசவு, சாயம், மற்ற செலவு எல்லாம் கிலோவுக்கு 60 ஆகும். ஆகத் துணியின் அடக்கம் 340. அவர் கையில் கிலோ 365 கணக்கில் துணிக்கு உறுதியான ஆர்டர் இருக்கிறது. விற்கும் செலவு 5 போக 360 வரும். 340 செலவில் 360 வருமென்றால் நஷ்டம் ஏதும் இல்லை. நூல் விலை இறங்கியிருந்தாலும் 280லேயே நிற்கலாம். சரக்கிருப்புத் தரநிலை, அதாவது இண்ட் ஏ.எஸ். 2, இதைத் தெளிவாகவே சொல்கிறது.

ஆர்டர் இல்லை, துணி விலையும் 315க்கு இறங்கிவிட்டது என்றால் கதை மாறும். விற்கும் செலவு 5 போக 310. அதில் இனி ஆகவேண்டிய 60ஐக் கழித்தால் நூலில் தேறுவது 250. ஆகக் கிலோவுக்கு 30 குறைத்து, முப்பதாயிரம் நஷ்டம் எழுத வேண்டும். இந்த நிலையில் நூலை இன்று மறுபடி வாங்க ஆகும் விலையை, தேறக்கூடிய மதிப்புக்கு நல்ல அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது தரநிலை. நம் கணக்கிலும் அது 250ஆகவே பொருந்தி வருகிறது. இரண்டு நிகழ்விலும் நூல் ஒன்று, சந்தை விலை ஒன்று. ஆர்டர் இருப்பதும் இல்லாததும்தான் வேறு. தேர்வில் நிகழ்வைப் படிக்கும்போது தேட வேண்டிய வரி அதுதான்.

இப்போது உரிமையாளர் சொல்கிறார்: ‘சார், நூல் இன்னும் இறங்கும்போலத் தெரியுது. எதுக்கும் இருக்கட்டும், கிலோ 200 போட்டுடுங்க. முன்ஜாக்கிரதைதானே?’ இது எல்லா ஊரிலும் கேட்கிற வார்த்தை. முன்ஜாக்கிரதை என்ற கருத்து 2010 வடிவத்தில் இல்லாமல் போய், 2018இல் விளக்கத்தோடு திரும்பி வந்தது. அந்த விளக்கத்தைப் படித்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். நிச்சயமில்லாத நிலையில் தீர்ப்புச் சொல்லும்போது கவனமாக இருப்பதுதான் முன்ஜாக்கிரதை. சொத்தைக் கூட்டியும் காட்டக் கூடாது, கடனைக் குறைத்தும் காட்டக் கூடாது. அதேபோல் சொத்தைக் குறைத்தும் காட்டக் கூடாது, கடனைக் கூட்டியும் காட்டக் கூடாது. முன்ஜாக்கிரதை நடுநிலைக்குத் துணையாக நிற்க வேண்டும். 250 தேறும் என்று தெரிந்தே 200 எழுதினால் என்ன ஆகும்? இந்த வருஷ லாபம் ஐம்பதாயிரம் குறையும். அடுத்த வருஷம் அந்த நூல் துணியாகி விற்கும்போது, 200 அடக்கம் என்று கணக்கு வைத்திருப்பதால் அதே ஐம்பதாயிரம் லாபமாக வெளிவரும். வியாபாரம் முன்னேறியதாக அடுத்த வருஷக் கணக்கு காட்டும். முன்னேறியது ஏதும் இல்லை. இந்த வருஷத்துக் காசு அங்கே நகர்ந்திருக்கிறது. இந்த வருஷக் கணக்கைக் குறைத்துக் காட்டுவதை அடக்கம் என்று நாம் பாராட்டுகிறோம். ஆனால் அது அடுத்த வருஷத்தைப் பற்றிய ஒரு பொய்யாக முடிகிறது.

இதே நூலுக்கு இன்னொரு எண்ணும் உலாவுகிறது. வங்கிக்கு மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட். சரக்கிருப்பின் மதிப்பிலிருந்து மார்ஜினைக் கழித்துத்தான் வங்கி எடுக்கக்கூடிய பணத்தின் வரம்பை, அதாவது டிராயிங் பவரை, நிர்ணயிக்கிறது. மார்ஜின் நூற்றுக்கு இருபத்தைந்து என்றால், ஆயிரம் கிலோவை 280இல் காட்டினால் 2,10,000 எடுக்கலாம். 250இல் காட்டினால் 1,87,500தான் எடுக்கலாம். ஆகவே வங்கிக்கு 280, வரிக்கு 200 என்று ஒரே நூல் ஒரே நாளில் இரண்டு வேஷம் கட்டும் ஆபத்து இருக்கிறது. படிப்பவர் யார் என்று பார்த்து எண் மாறினால், அது நடுநிலையை இழந்துவிட்டது. இதைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. மார்ச் மாத ஸ்டேட்மென்ட்டையும் ஆண்டுக் கணக்கின் சரக்கிருப்பையும் அருகருகே வைத்தால் போதும். நூலுக்கு விலை வேறாக இருந்தால், அடுத்து எடையைக் கேட்க வேண்டும். தணிக்கைக்கு வருகிறவர்கள் முதலில் பார்க்கும் இடங்களில் இது ஒன்று.

ஒரு சின்ன விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தறிப்பட்டறையில் நெய்து முடிக்காத பாவு பல தறிகளில் பாதியில் நிற்கும். அதில் எத்தனை மீட்டர் நெய்தாயிற்று என்று மார்ச் 31 இரவு டேப் பிடித்து அளக்க வேண்டுமா? பெரிய ஆலைக்கும் நான்கு தறிக்காரருக்கும் இதற்கு ஒரே பதில் இல்லை. அந்த எண் மாறினால் படிப்பவர் முடிவு மாறுமா என்பதே கேள்வி. ஒரு நியாயமான சராசரி வைத்துக் கணக்கிட்டு, ஒவ்வொரு வருஷமும் அதே முறையைப் பின்பற்றினால் போதும். தகவல் திரட்ட ஆகும் செலவு, அதனால் கிடைக்கும் பயனை மிஞ்சக் கூடாது என்று கட்டமைப்பே சொல்கிறது.

கடைசியாக, ஜலகண்டாபுரத்திலிருந்து தெற்கே நாமக்கல் பக்கம் போவோம். நியாய மதிப்பு கட்டாயமாக வரும் இடம் எது என்று கேட்டால், நம் வட்டாரத்தில் கோழிப் பண்ணையைத்தான் காட்டுவேன். இண்ட் ஏ.எஸ். பின்பற்றும் நிறுவனத்துக்கு இண்ட் ஏ.எஸ். 41 பொருந்தும். உயிருள்ள கோழியும், சேகரிக்கும் கட்டத்தில் அது இட்ட முட்டையும் நியாய மதிப்பில் விற்கும் செலவைக் கழித்து அளக்கப்பட வேண்டும். இண்ட் ஏ.எஸ். பொதுவாகப் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கும், நிகர மதிப்பு 250 கோடியும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கும்தான் கட்டாயம். பழைய ஏ.எஸ். வரிசையில் வேளாண்மைக்கென்று தனித் தரநிலையே இல்லை. ஆகவே குடும்பமாக நடத்தும் பண்ணைகளுக்கு இது நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் பொருத்தத்துக்கும் சரிபார்ப்புக்கும் நடுவே இழுபறி எப்படி இருக்கும் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

முட்டையை முதலில் எடுப்போம். 1982இல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, நாமக்கல் மண்டலத்துக்கென்று பண்ணைக் கொள்முதல் விலையை அறிவிக்கிறது. பத்திரிகையில் வருகிறது; எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் நியாய மதிப்பு கையிலேயே இருக்கிறதே என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. வியாபாரிகள் அறிவிப்பு விலையிலிருந்து ‘மைனஸ்’ போட்டு வாங்கும் வழக்கம் இங்கே இருந்ததுண்டு. அறிவிப்பு 5 ரூபாய், மைனஸ் 40 பைசா என்றால் கைமாறும் விலை 4 ரூபாய் 60 பைசா. நியாய மதிப்பு என்பது கைமாறும் விலை. அறிவித்த விலை அதற்கு ஒரு தொடக்கம்தான். பண்ணையாளரின் மார்ச் கடைசி வாரத்து விற்பனைப் பில்களைப் பார்த்து 4.60 என்று எடுத்தால், அதை வேறு யாரும் வந்து சரிபார்க்கலாம். முட்டையைப் பொறுத்தவரை பொருத்தமும் நம்பகமும் ஒரே எண்ணில் கூடிவிடுகின்றன.

கோழியில் அப்படிக் கூடவில்லை. பத்தாயிரம் முட்டைக் கோழிகள், 40 வார வயது. இருபதாம் வாரத்தில் முட்டையிடத் தொடங்கின. எண்பதாம் வாரத்தில் கழித்து இறைச்சிக்கு விற்பார்கள். ஒருநாள் குஞ்சுக்கு விலை இருக்கிறது, கழிக்கும் கோழிக்கும் விலை இருக்கிறது. நடுவில் முட்டையிட்டுக்கொண்டிருக்கும் கோழியை யாரும் வழக்கமாக வாங்கி விற்பதில்லை. ஆகவே வரப்போகும் வரவைக் கணித்துத்தான் நியாய மதிப்பு போட வேண்டும். மீதி நாற்பது வாரத்தில் கோழிக்கு 230 முட்டை, முட்டை 4.60, தீவனமும் விற்கும் செலவு உள்ளிட்ட மற்றச் செலவும் முட்டைக்கு 4.00, மிஞ்சுவது 60 பைசா. 230 முட்டைக்கு 138 ரூபாய். கடைசியில் கழித்து விற்றால் செலவு போக 120. ஆகக் கோழி ஒன்றுக்கு 258, பத்தாயிரத்துக்கு 25,80,000. ஒரு வருஷத்துக்குள் முடிவதால் வட்டித் தள்ளலை நான் விட்டுவிட்டேன்.

முட்டை விலைக் கணிப்பை இருபது பைசா மட்டும் குறைத்துப் பாருங்கள். மிஞ்சுவது 40 பைசா, கோழிக்கு 212, மொத்தம் 21,20,000. இருபது பைசா கூட்டினால் 30,40,000. இருபது பைசா என்பது ஒரு வாரத்தில் நாமக்கல்லில் வந்து போகிற மாற்றம்தான். அதற்கே சொத்து மதிப்பு 4,60,000 ரூபாய் ஏறி இறங்குகிறது. மக்காச்சோளமும் சோயாவும் விலை ஏறினாலும் இதே கதைதான். அளவீட்டில் உள்ள நிச்சயமின்மை என்று கட்டமைப்பு பேசுவது இதைத்தான்.

மறுபக்கம் செலவு அடிப்படையைப் பாருங்கள். ஒரு கோழியை முட்டையிடும் வயது வரை வளர்க்க 350 ரூபாய் ஆனது. கடைசியில் 120 வரும். நடுவில் உள்ள 230 ரூபாயை அறுபது வாரத்துக்குப் பரப்பினால், இருபது வாரத்துக்குச் சுமார் 77 கழிந்து இன்று 273 நிற்கும். எல்லாவற்றுக்கும் தீவன பில், மருந்து பில் இருக்கிறது. சரிபார்ப்பது எளிது. ஆனால் முட்டை விலை சரிந்து பண்ணையே தள்ளாடும் மாதத்திலும் அந்த எண் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? நிச்சயமின்மை இருப்பதாலேயே ஒரு மதிப்பீடு பயனற்றதாகிவிடாது என்கிறது கட்டமைப்பு. நிச்சயமின்மை மிக அதிகமாகி, அந்த எண் பொருளை உள்ளபடி காட்டவே இல்லை என்ற நிலை வந்தால்தான் வேறு அடிப்படைக்குப் போக வேண்டும். தரநிலையும் நியாய மதிப்பை நம்பகமாக அளக்க முடியும் என்றே அனுமானிக்கிறது. முதன்முதலில் ஏட்டில் எழுதும்போது மட்டும், சந்தை விலையும் இல்லை, மாற்றுக் கணிப்பும் தெளிவாகவே நம்பத் தகாதது என்றால், செலவு அடிப்படைக்கு வழிவிடுகிறது. முட்டை விலை தினமும் வெளிவந்து, தீவனச் செலவும் தெரிந்த இந்தப் பண்ணைக்கு அந்த விதிவிலக்கைக் கேட்க முடியாது என்பதே என் கருத்து. 25,80,000 என்றே எழுத வேண்டும். பக்கத்தில் உள்ள குறிப்பில் மூன்று வரிகள் வேண்டும்: கணிப்பில் எடுத்த முட்டை விலை 4.60, மைனஸ் போக. கோழிக்கு எதிர்பார்க்கும் முட்டை 230, அதற்கு ஆதாரம் இதே பண்ணையில் முந்தைய தொகுதிகளின் ஏடு. விலை இருபது பைசா மாறினால் மதிப்பு 4,60,000 மாறும்.